ஆயா என்று கூப்பிடும் முன்

போன சித்திரையில் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும், கேட் போட்டுவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஒருவர் ஜன்னலோரம் வந்தார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, முன்பல் ஒன்று இல்லாமல் இருந்தது. "ஆயா, இருபது ரூபாய்க்குக் குடுங்க" என்றேன்.

பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக்கொண்டே, "ஒங்களுக்கு என்ன வயசுண்ணே?" என்று கேட்டார். நாற்பத்து நாலு என்றேன். "எனக்கு நாப்பத்தாறு. நடவு ஆரம்பிக்கிற வரைக்கும் இந்த யாவாரம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் காசை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டே வயது மூத்தவரை நான் ஆயா ஆக்கியிருக்கிறேன், அவரோ என்னை அண்ணன் என்கிறார். இது வெறும் கணக்குப் பிழை என்று என்னால் விட முடியவில்லை. அதே நாற்பத்தாறு வயதில் ஒரு டீச்சர் கைப்பையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "மேடம்" என்றிருப்பேன், நரை இருந்தாலும். ஆயா என்ற சொல் என் வாயில் வரவே வந்திருக்காது. வருஷக்கணக்கில் சேற்றில் குனிந்து நாற்று நட்ட உடம்பு, வெயிலில் காய்ந்த முகம், கட்டாத பல். இதையெல்லாம் கூட்டி நான் வயது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் பேச்சில் மரியாதைக்கு இரண்டு கை உண்டு. ஒன்று முறைப்பெயர், இன்னொன்று வினையில் வரும் "ங்க". முறைப்பெயர் வயதைச் சொல்லும், மரியாதையைச் சொல்வது "ங்க"தான். "தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா" என்றால் சின்னப் பையனுக்கும் மதிப்பு குறையாது. "அம்மா, நகருங்க" என்பதையும் "நகரும்மா" என்பதையும் சொல்லிப் பாருங்கள். சொல் ஒன்றுதான், ஆனால் முன்னால் நின்றால் தாய், வாலில் ஒட்டிக்கொண்டால் நமக்குக் கீழே இருப்பவர். கூடைக்காரரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் "எவ்வளவும்மா", "எடுப்பா" என்று வாலில் ஒட்டித்தான் பேசுகிறோம். அங்கே "ங்க" காணாமல் போவதை நாம் கவனிப்பதே இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் அறுபது வயது ஆளைப் பண்ணை வீட்டுச் சிறுவன் பேர் சொல்லி, "வாடா போடா" என்று கூப்பிட்டிருக்கிறான். அவர் அந்தச் சிறுவனை "சின்ன ஐயா" என்றிருக்கிறார். வயதுக்குத்தான் மரியாதை என்று நாம் பெருமையாகச் சொல்லும் வழக்கம் அந்த வரப்பைத் தாண்டியதில்லை. அதனால்தான், வயலில் நிற்பவரை அண்ணே, அக்கா என்று "ங்க" போட்டுக் கூப்பிடுவது இந்த ஊரில் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அண்ணே, அக்கா என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாமா, அத்தை, மச்சான் எல்லாம் கொள்வினை கொடுப்பினை உள்ள முறை. முன்பின் தெரியாதவரை அத்தை என்றால் அவர் மகள் நமக்குக் கட்டிக்கிற முறை ஆகிவிடும். கிராமத்தில் அதை இன்னமும் கவனிப்பார்கள். உடன்பிறந்த முறையில் அந்தச் சிக்கல் இல்லை. அதோடு, அண்ணே என்பது இப்போது வயதைக்கூட அவ்வளவாகச் சொல்வதில்லை. டீக்கடையில் ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் அண்ணே என்கிறார்கள், யாருக்கும் வருத்தமில்லை. ஆயா, பாட்டி, பெரியவரே ஆகியவை அப்படியில்லை. சொன்ன மாத்திரத்தில் வயதை நெற்றியில் எழுதிவிடும்.

அதனால் நான் இப்போது யாராக இருந்தாலும் அக்காவில்தான் தொடங்குகிறேன். ஒரே ஒரு சொல்தான், பிறகு பதிலுக்குக் காது கொடுக்கிறேன். "சொல்லுங்க தம்பி" என்று வந்தால் அக்கா சரி. "என்னண்ணே" என்று வந்தால், அடுத்த வாக்கியத்தில் முறைப்பெயரை விட்டுவிட்டு "ங்க"வை மட்டும் வைத்துக்கொள்கிறேன், பேச்சு ஒன்றும் தடைப்படாது. ஒருவேளை அவர் ரொம்ப மூத்தவராகவே இருந்தால்? போன மாதம் கும்பகோணத்தில் வெற்றிலை வாங்கும்போது அதுவும் நடந்தது. "அக்கா, ஒரு கவுளி எவ்வளவுங்க?" என்றேன். கவுளியைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "அக்காவா? எம் மூத்த மவனுக்கு ஒன் வயசு இருக்கும். அம்மான்னே கூப்புடு தம்பி" என்று சிரித்துவிட்டு, மேலே நாலு வெற்றிலை சேர்த்து வைத்துக் கட்டினார்.