கேபிள் வழியே வருவதும் வராததும்

"இரண்டு போனையும் கேபிளில் இணைத்தால் போதும், வாட்ஸாப் அரட்டை உட்பட எல்லாமே வந்துவிடும், பழையதை உடனே அழித்துவிடலாம்."

புதிய போனுக்கு மாறுவது பற்றி இப்படிச் சொல்வதுண்டு. தொடர்புகள், குறுஞ்செய்திகள், படங்கள் வரை இது சரியே. ஆனால் ஆண்ட்ராய்டு போன்களுக்கிடையேயான நேரடி மாற்றத்தில் செயலிகள் புதிய போனில் மீண்டும் நிறுவப்பட்டாலும், அவற்றுக்குள் இருக்கும் தரவும் வருமா என்பது அந்தந்தச் செயலியை உருவாக்கியவர் அதற்கு இடம் கொடுத்திருப்பதைப் பொறுத்தது. வங்கிச் செயலிகளில் பெரும்பாலும் மீண்டும் பதிவுசெய்தே ஆகவேண்டும். வாட்ஸாப் படங்கள் கேலரியில் தெரிவதைக் கண்டு அரட்டையும் வந்துவிட்டதாகச் சிலர் நம்பிவிடுகிறார்கள். படக்கோப்புகள் வேறு, உரையாடல்கள் சேமிக்கப்படும் கோப்பு வேறு. அரட்டையைக் கொண்டுவர, புதிய போனின் வாட்ஸாப்பில் அதே எண்ணைப் பதிவுசெய்யும்போது தோன்றும் கியூஆர் குறியை, பழைய போனில் உள்ள வாட்ஸாப்பின் Settings > Chats > Transfer chats வழியே ஸ்கேன் செய்யுங்கள். ஐபோனுக்கு மாறுவோருக்கு வழி வேறு. சில ஆண்டுகளுக்கு முந்தைய உரையாடல் ஒன்று புதிய போனில் திறக்கிறதா என்று பார்க்கும்வரை பழைய போனை அழிக்காதீர்கள்.