சர்வோவுக்கும் கியர் கப்ளிங் போதுமா?

“கியர் கப்ளிங்தான் இருப்பதிலேயே கெட்டி. சர்வோவுக்கும் அதையே போடுங்க, பொசிஷன் அசையாது.”

பெங்களூரு பீன்யா பட்டறைகளில் நம் ஆட்களிடையே சுற்றும் பேச்சு இது. தவறு. கெட்டித்தனம் வேறு, பல்லிடுக்கு ஆட்டம் வேறு. இரு தண்டுகளைப் பற்களால் இணைக்கும் கியர் கப்ளிங்கில், அந்தப் பற்களுக்கிடையே கிரீஸுக்கும் அசைவுக்கும் இடம் விட்டே ஆக வேண்டும். 50 மி.மீ. விட்டமுள்ள பல்வட்டத்தில் 0.2 மி.மீ. இடைவெளி என்றால் திருப்பத்தில் சுமார் 0.46 டிகிரி வீண். 10 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்க்ரூவில் அது ஏறக்குறைய 0.013 மி.மீ. திசை மாறும்போதெல்லாம் இது இழப்பு. மோட்டாரின் என்கோடருக்கோ தெரியவே தெரியாது.

சோதிப்பது எளிது. மோட்டார் பிரேக்கைப் பிடித்துவிட்டு, ஸ்க்ரூ பக்க ஹப்பில் டயல் வைத்துக் கையால் இருபுறமும் திருப்புங்கள். தடையே இல்லாமல் முள் நகர்ந்தால் பல்லிடுக்கு ஆட்டம். அழுத்த அழுத்த நகர்ந்து, விட்டதும் திரும்பினால் அது முறுக்கு நெகிழ்வு.

டிஸ்க் கப்ளிங்கில் மெல்லிய எஃகுத் தகடுகள் போல்ட்டால் இறுகியிருப்பதால் இந்த ஆட்டம் கிடையாது, முறுக்கு விறைப்பும் அதிகம். ஆனால் அலைன்மென்ட் சரியாக இல்லாவிட்டால் தகடு களைத்து விரிசல் விடும்.

ஒரே திசையில் ஓடும் சிறு சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு இந்தக் கவலை எதற்கு? ஜா ஸ்பைடர் கப்ளிங் போதும். நடுவிலுள்ள ரப்பர் ஸ்பைடர் அதிர்வை விழுங்கும்; அது தேய்ந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். கியர் கப்ளிங்கின் இடம் ரோலிங் மில் போன்ற கனரக ஓட்டம்தான்.