முதல் வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லும்போது

மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கும் நண்பர்கள் பலர், பாட்டிலைக் கொடுத்த அன்றே "நன்றி, நண்பர்களிடமும் சொல்லுங்கள்" என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. எண்ணெய் இன்னும் வாணலியையே பார்க்கவில்லை, அவர் எதை நம்பி இன்னொருவருக்குச் சொல்வார்?

பாட்டில் பாதி காலியாகும் வரை பொறுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாதியாக இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் வடை சுட்டிருப்பார்கள், தாளித்திருப்பார்கள். சந்தேகமும் வந்திருக்கும். செக்கு எண்ணெய் காயும்போது கொஞ்சம் நுரைக்கும், அடியில் கசண்டு தங்கும். ரீஃபைண்ட் எண்ணெய்க்குப் பழகியவர் இதைக் கலப்படம் என்று நினைத்து, உங்களிடம் கேட்காமலே கடையை மாற்றிவிடுவார்.

அதனால் நன்றிச் செய்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அக்கா. நாங்கள் முதல் தடவை ஆட்டிய கடலை எண்ணெயை, முன்பின் தெரியாத எங்களை நம்பி வாங்கினீர்கள். மனமார்ந்த நன்றி. லேசான நுரையும் அடிக்கசண்டும் செக்கு எண்ணெய்க்கு இயல்பு. காறல் வாடை வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். எண்ணெய் பிடித்திருந்தால், செக்கு எண்ணெய் தேடும் ஒருவருக்கு எங்கள் அடுத்த செய்தியை அனுப்புங்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லி வாங்கினால் இருவருக்கும் 100 மில்லி நல்லெண்ணெய் எங்கள் அன்பளிப்பு."

அந்த அடுத்த செய்தியில் விலை, ஊர், எங்கள் எண் மட்டும் இருக்கும். அப்படியே ஃபார்வர்ட் செய்துவிடலாம். நண்பர்களின் எண்களை எங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்பதே இல்லை. கேட்காமல் ஒருவர் எண்ணைக் கொடுத்து, அப்புறம் அவரிடம் பேச்சு வாங்க யாருக்கு மனசு வரும்?

ஏன் தள்ளுபடி தராமல் நல்லெண்ணெய் தருகிறோம் என்று கேட்கலாம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அதோடு ஆட்டுக்கூலி, பாட்டில். புண்ணாக்கு விற்று வருவதையும் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும். ஒருமுறை விலையைக் குறைத்தால் அடுத்த மாதமும் அதே விலையைத்தான் கேட்பார்கள். நல்லெண்ணெயைக் கொடுத்தால் இன்னொரு சரக்கையும் ருசி பார்த்த மாதிரி ஆயிற்று. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், காசுக்காகச் சிபாரிசு செய்கிறார் என்று நண்பர் நினைப்பார். இருவருக்கும் கொடுத்தால் அந்தக் கூச்சம் இல்லை.

இன்னொன்று. வாட்ஸப் பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். முதல் முறை வாங்கியவர்களில் பலர் சேமித்திருக்க மாட்டார்கள். பெயர் சொல்லி ஒவ்வொருவருக்கும் தனியாகவே அனுப்புங்கள். முதல் வாடிக்கையாளர்கள் கொஞ்சப் பேர்தானே, ஒரு மாலைப் பொழுது போதும்.

ஏற்கெனவே குறை சொன்னவர்களுக்கு மட்டும் இந்த அழைப்பை அனுப்பவே கூடாது. அவர்களுக்கு முதலில் பாட்டிலை மாற்றிக் கொடுங்கள்.