காணொளி அழைப்பில் நம்மை நாமே கண்காணிக்கிறோம்

காணொளி அழைப்பென்றால் நடுங்குகிறவர்களிடம் "தைரியமாகப் பேசு" என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் உளவியலாளர்கள் 1995-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பிறர் தம்மை எடைபோடுவார்களோ என்று பதறுபவர் எதிரில் இருப்பவரின் முகத்தைச் சரியாகக் கவனிப்பதே இல்லை. தம் நெஞ்சுப் படபடப்பையும் குரல் நடுக்கத்தையும் வைத்துத் தாம் பிறருக்கு எப்படித் தெரிகிறோம் என்று மனத்துக்குள் ஒரு தோற்றத்தை உருவாக்கிக்கொண்டு, அதையே உண்மையென நம்பிவிடுகிறார். காணொளித் திரையின் மூலையில் நம் முகத்தைக் காட்டும் சிறு கட்டம் இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறது.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் அண்ணன் மகள், வாராந்தரக் கூட்டத்தில் தான் பேசவேண்டியதை ஆங்கிலத்தில் வரிக்கு வரி எழுதிவைத்துப் படிப்பாள். யாராவது இடையில் கேள்வி கேட்டால் தாளில் இடம் தவறிவிடும். உடனே தன் கட்டத்தைப் பார்ப்பாள். "முகமெல்லாம் சிவந்து போச்சு அத்தை, எல்லாரும் பார்த்திருப்பாங்க" என்பாள். எழுதிப் படிப்பதும் வேகமாகப் பேசி முடிப்பதும் அவளுக்குப் பாதுகாப்பாகத் தோன்றின. ஆனால் கூட்டம் நல்லபடியாக முடிந்தாலும் "தாள் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனம் கணக்கு வைக்கும். ஆகவே பயம் குறைய வழியே இல்லை.

நாங்கள் இருவரும் ஜூமில் ஒத்திகை பார்த்து, அதைப் பதிவும் செய்தோம். முதல் முறை வழக்கம்போலத் தாளுடன், தன் முகத்தைப் பார்த்தபடி பேசினாள். இரண்டாம் முறை தன் படத்தின் மேலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி Hide Self View என்பதைத் தேர்ந்தெடுத்து, மூன்று குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, நான் கேட்பதிலேயே கவனம் வைத்தாள். (அப்படிச் செய்தாலும் மற்றவர்களுக்கு நம் முகம் தெரியும், நமக்கு மட்டுமே மறையும்.) பதிவைப் போடுமுன், முகம் எவ்வளவு சிவந்திருக்கும், குரல் எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று பத்துக்கு மதிப்பெண் எழுதச் சொன்னேன். பின்பு வேறொருவரைப் பார்ப்பதுபோலப் பதிவைப் பார்த்தாள். அவள் எழுதிய நடுக்கம் அதில் இல்லை. தாளுடன் பேசியபோதுதான் விறைப்பாகத் தெரிந்தாள். இந்த வரிசை முக்கியம்: முன்கூட்டியே மதிப்பெண் எழுதாவிட்டால், பார்க்கும்போதும் பழைய உணர்வே கண்ணை மறைக்கும்.

தொலைபேசியில் முகமே இல்லை. அங்கே மௌனம்தான் அச்சுறுத்துகிறது. இணைப்பில் ஏற்படும் தாமதத்தை மனிதர்கள் எதிரில் பேசுபவரின் குணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மறுமுனை சற்று அமைதியானால், அவர் நம்மை எடைபோடுகிறார் என்று முடிவுகட்டாமல், "நான் சொன்னது கேட்டதா?" என்று கேட்டுவிடலாம்.

ஆறு மாதங்களுக்கும் மேலாக அழைப்புகளைத் தவிர்த்து, அதனால் வேலையோ படிப்போ தடைபட்டால், வீட்டு ஒத்திகை போதாது. அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.