முறை வைக்கும் தலைவன் இல்லை

“தலைவன் குரல் கொடுத்ததும் நடுவில் இருக்கும் பென்குயின்கள் வெளியே வந்து, ஓரத்தில் நடுங்குபவற்றுக்கு இடம் விடுகின்றன.”

குளிரில் ஒட்டி நிற்கும் எம்பரர் பென்குயின் கூட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் இந்தக் கூற்று, பறவைகள் இடம் மாறுகின்றன என்ற அளவில் மட்டுமே சரி. அந்தக் கூட்டத்தில் அப்படியொரு தலைவன் கிடையாது. காற்றை முதுகில் வாங்கும் விளிம்புப் பறவைகள், கால்மேல் வைத்த முட்டை நழுவாதபடி கூட்டத்தின் ஓரமாகவே தத்தித் தத்தி நகர்ந்து, காற்று மறைவான மறுபுறத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. முன்வரிசை இவ்வாறு உதிர உதிர, நடுவில் நின்றவை தாம் வெளியேறாமலேயே காற்றுமுகத்துக்கு வந்துவிடுகின்றன. நெருக்கமான கூட்டத்துக்குள் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை 5 முதல் 10 செ.மீ. அளவிலான சிற்றடி அலைபோலப் பரவுவதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை எந்தப் பறவையும் தொடங்கலாம். எனவே இதைத் தியாகம் என்று சொல்வதற்கில்லை. உள்ளே வெப்பம் 37 டிகிரி வரை ஏறக்கூடும் என்பதால், கதகதப்பு மிகுந்து கூட்டம் தானே கலைவதும் உண்டு.