கோதுமை மாவு என்றால் எந்த மாவு?

நீரிழிவுக்காரர்களின் சாப்பாடு பற்றிய ஒரு பொதுக் கட்டுரையைப் போன மாதம் தமிழில் மாற்றிக் கொடுத்தேன். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தமிழ்நாடு நான்குக்கும் ஒரே பிரதிதான், எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூலத்தில் ஒரு சாதாரண வரி: தவிடு நீக்கிய மாவைக் குறைத்து, முழுக் கோதுமை மாவுக்கு மாறுங்கள். நான் "மைதாவைத் தவிர்த்து கோதுமை மாவு பயன்படுத்துங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தையிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடுகிறவர். படித்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "நான் எப்பவும் கோதுமை மாவுதானேப்பா வாங்குறேன். நேத்துகூட அதுலதான் பூரி சுட்டேன்." அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்தும் காட்டினார். தெபோங் கண்டும். பளிச்சென்ற வெள்ளை மாவு. தமிழ்நாட்டுக்காரர் மைதா என்று சொல்வது அதைத்தான்.

தப்பு அத்தை மேல் இல்லை. 'கண்டும்' என்றால் மலாயில் கோதுமை. நம் ஊர்க் கடையில் கோதுமை மாவு கேட்டால் வெள்ளை மாவைத்தான் எடுத்துத் தருவார்கள். தவிட்டோடு அரைத்தது வேண்டுமென்றால் 'ஆட்டா' என்று தனியாகக் கேட்க வேண்டும். இலங்கையிலும் இதே கதைதான், அங்கே கோதுமை மா என்பது வெள்ளை மா. தமிழ்நாட்டில் மட்டும் கோதுமை மாவு என்றவுடன் சப்பாத்தி மாவு கண்ணுக்கு முன் வரும். ஆக, என் வரி சென்னையில் சரியான அறிவுரை, பினாங்கிலும் யாழ்ப்பாணத்திலும் நேர் எதிரான அறிவுரை. இத்தனைக்கும் அதில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை!

மொழிபெயர்க்கிறவர்கள் பெரும்பாலும் புரியாத சொல்லுக்குத்தான் பயப்படுகிறோம். எனக்கு இப்போது அந்தப் பயம் குறைந்துவிட்டது. புரியாத சொல் வந்தால் வாசகர் நின்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். எல்லா ஊரிலும் புரிந்து, ஊருக்கு ஊர் வேறு பொருளைக் காட்டும் சொல்லில் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த வரியைக் கடைசியில் இப்படி மாற்றினேன்: "தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு, கடையில் ஆட்டா என்று விற்பது." நீளம்தான். ஆனால் 'ஆட்டா' என்ற பெயர் நான்கு இடத்திலும் பாக்கெட்டில் இருக்கிறது, 'தவிட்டோடு' என்பது மிச்சக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

இந்த அடி விழுந்த பிறகு முழுக் கட்டுரையையும் திரும்பப் படித்தேன். 'சர்க்கரை' என்ற சொல்லை இருபது இடத்திலாவது போட்டிருப்பேன். சென்னையில் டீயில் போடுவது சர்க்கரை. நமக்கு அது சீனி, இலங்கையிலும் சீனிதான், ஏன், மதுரை திருநெல்வேலிப் பக்கம்கூடச் சீனிதான். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சக்கரை என்றால் பொங்கலில் போடும் வெல்ல வகை. "சர்க்கரையைக் குறைக்கவும்" என்று படித்தால் வெல்லத்தை ஒதுக்கிவிட்டு, சீனியை வழக்கம்போல் போட்டுக்கொள்ள இடமிருக்கிறது. சரி, எல்லா இடத்திலும் சீனி என்று மாற்றிவிடலாமா? அப்படிச் செய்தால் ரத்தப் பரிசோதனை பற்றிய பகுதியில் "ரத்தத்தில் சீனி" என்று வந்து, சீனி சாப்பிடாதவருக்குக் கவலை இல்லை என்ற தவறான நினைப்பைக் கொடுக்கும். சோறும் பழமும்கூட ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் சேர்கின்றன. அதனால் இரண்டையும் பிரித்தேன். டீயில் போடுவது 'வெள்ளைச் சீனி', முதல் இடத்தில் மட்டும் 'சர்க்கரை என்றும் சொல்வார்கள்' என்று ஒரு ஒட்டு. ரத்தத்தில் அளப்பது 'குளுக்கோஸ்'.

நோயின் பெயருக்கும் இதே வழிதான். தலைப்பில் நீரிழிவு. முதல் வரியில் ஒருமுறை சர்க்கரை நோய், இனிப்பு நீர், சீனி வருத்தம் மூன்றையும் சொல்லிவிட்டு, பிறகு கடைசி வரை நீரிழிவு மட்டும். (வருத்தம் என்றால் இலங்கைப் பேச்சில் நோய். "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று அங்கே ஒருவர் கேட்டால் மனக்கவலையைச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள்.) நடை அலுக்குமே என்று இடையில் பெயரை மாற்றி மாற்றி எழுதுவது கதைக்கு அழகு. மருத்துவக் கட்டுரையில் அது வாசகருக்கு இரண்டு நோய்.

நீரிழிவுக்கு மலாய்ப் பெயரையே, கென்சிங் மானிஸ் என்று போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பினாங்கு கோயில் அறிவிப்புப் பலகைக்கு என்றால் நானே போட்டிருப்பேன், மதுரைக்குப் போகும் கட்டுரையில் அதற்கு வேலை இல்லை. இன்னொருவர் இன்சுலினை ஏன் தமிழ்ப்படுத்தவில்லை என்று கோபித்துக்கொண்டார். தமிழ்ப் பற்றில் நான் அவருக்குக் குறைந்தவன் இல்லை. ஆனால் மருந்துப் பெட்டியில் இன்சுலின் என்றுதான் இருக்கிறது, ஊசி போடுகிறவர் அந்தப் பெயரைத்தான் தேடுவார்.

நான் கடைசியாகக் கவனித்தது எண்களை. அவை சொல்லே இல்லையே என்று விட்டிருந்தேன். மூலக் கட்டுரை அமெரிக்காவில் எழுதியது. எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து எடுத்த அளவு 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று அதில் இருந்தது. அத்தை தன் கருவியில் வந்த எண்ணைச் சொன்னார்: "எனக்கு 9தானே!" அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. 126 என்பது ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, இந்தியாவிலும் அதுதான் வழக்கம். மலேசியாவில் நம் கருவிகள் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று காட்டுகின்றன. மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் எண் வரும். 7 என்பது 126. அத்தையின் 9 என்பது 162. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "உங்கள் கருவியிலோ பரிசோதனைத் தாளிலோ எந்த அலகு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். இது மூலத்தில் இல்லாத வரிதான். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது என்பவர்களோடு நான் இந்த ஓர் இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். அனுப்பியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்த்தேன்.

அனுப்புவதற்கு முன் மூன்று பேருக்குக் காட்டினேன்: அத்தை, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர், சென்னையில் சித்தி மகள். "புரிகிறதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்காவது எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்குக் கடையில் என்ன வாங்குவீர்கள், எந்த வேளைச் சாப்பாட்டில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டேன்.

அதில்தான் கடைசிப் பிழை அகப்பட்டது. "சிற்றுண்டிகளைத் தவிர்க்கவும்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். நானும் அத்தையும் அதை பிஸ்கட், முறுக்கு, குவே என்று படித்தோம். நண்பருக்கு ரோல்ஸும் வடையும் ஞாபகம் வந்தன. சென்னைக்காரி மட்டும், "அப்போ காலை டிபனே சாப்பிடக் கூடாதாண்ணா?" என்று கேட்டாள். அவளுக்குச் சிற்றுண்டி என்றால் இட்லி, தோசை, பொங்கல். இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டை விட்டால், குளுக்கோஸ் அளவு தாழ்ந்து கை நடுங்கி, வேர்த்து, மயக்கமே வரலாம்.

இப்போது அந்த இடத்தில், "மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொறிப்பதைக் குறையுங்கள், காலைச் சாப்பாட்டை விடாதீர்கள்" என்று இருக்கிறது.