சீட்டில் ஒரு தொகை, பட்டுவாடாவில் இன்னொரு தொகை

மூன்று வாரத்துக்கு முன்னால், கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் பால் சங்கத்தில் நின்று பத்து நிமிடம் பேச்சு வாங்கினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பேசிய அக்காவின் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

"ஏனுங் தம்பி, காலைல சீட்டுல நானூத்தி நாப்பது ரூவா நாப்பது காசுன்னு போட்டிருக்குது. பட்டுவாடாவுல அதே நாளுக்கு நானூத்தி முப்பத்தாறு எம்பதுன்னு வருது. மூணு ரூவா அறுவது காசு எங்கீங் போச்சு?"

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சங்கத்தில் ஓடுவது கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் செய்த ஆப்தான். அந்தக் காசு அதன் இரண்டு ஸ்க்ரீனுக்கு நடுவில் போனது.

பால் ஊற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலுக்கு விலை இரண்டு அளவை வைத்து வருகிறது: ஃபேட், அதாவது கொழுப்பு, எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு போக மீதமுள்ள திடப்பொருள். லாக்டோமீட்டரில் பார்த்து வெப்பத்துக்குத் திருத்திய அளவை சி.எல்.ஆர் என்பார்கள். இந்தச் சங்கத்தில் சி.எல்.ஆரை நான்கால் வகுத்து, ஃபேட்டின் 0.2 மடங்கைக் கூட்டி, அதோடு 0.36 சேர்த்தால் எஸ்.என்.எஃப். வேறு இடங்களில் இந்த எண்கள் மாறும். வந்த விடையை ஒரு தசம இடத்துக்குக் கொண்டுவந்து, விலைப்பட்டியலில் அந்தக் கட்டத்தைப் பார்த்து லிட்டர் விலை எடுப்பார்கள்.

அந்த அக்காவின் பால் 12 லிட்டர், ஃபேட் 4.0, சி.எல்.ஆர் 28. நான்கால் வகுத்தால் 7, அதோடு 0.8, அதோடு 0.36. எஸ்.என்.எஃப் 8.16. இதை 8.2 என்று எடுப்பதா, 8.1 என்று எடுப்பதா? பால் வாங்கும் ஸ்க்ரீனை எழுதியவர் இப்படி எழுதியிருக்கிறார்:

```kotlin
val snf = clr / 4 + 0.2 * fat + 0.36
val key = Math.round(snf * 10) / 10.0
```

பட்டுவாடா ஸ்க்ரீனை ஆறு மாதம் கழித்து எழுதிய இன்னொருவர் இப்படி:

```kotlin
val snf = clr / 4 + 0.2 * fat + 0.36
val key = (snf * 10).toInt() / 10.0
```

முதலாவது முழுமையாக்குகிறது, 8.2. இரண்டாவது வெட்டிப் போடுகிறது, 8.1. பட்டியலில் 8.2-க்கு 36.70, 8.1-க்கு 36.40. பன்னிரண்டு லிட்டருக்கு 3 ரூபாய் 60 காசு வித்தியாசம். இரண்டு பேரும் முட்டாள்கள் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு நிரலும் ஓடும், இரண்டும் சரியாகத்தான் தெரியும். ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுத விட்டது யார் என்பதுதான் என் கேள்வி. அந்த 0.36 எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று தேட, புராஜெக்ட் ஃபோல்டரில் இந்த ஒரு வரியை ஓட்டிப் பார்த்தேன்:

```
grep -rn "0.36" app/src/main
```

நான்கு இடம்! பால் வாங்கும் ஸ்க்ரீன், பட்டுவாடா, மாத அறிக்கை, பழைய சீட்டை மறுபடி அச்சடிக்கும் ஸ்க்ரீன். ஒரு சங்கத்தின் விலை விதி நான்கு ஸ்க்ரீனில் நான்கு நகலாகக் கிடந்தது.

இதைவிட எரிச்சல் தந்தது அடுத்தது. சரி, தப்பு நடந்துவிட்டது, சீட்டில் உள்ள தொகைதான் சங்கம் கொடுத்த வாக்கு, அதன்படியே கணக்கைத் திருத்திவிடலாம் என்று டேட்டாபேஸைத் திறந்தால், அந்தத் தொகை அங்கே இல்லை. ஃபேட் இருக்கிறது, சி.எல்.ஆர் இருக்கிறது, லிட்டர் இருக்கிறது. காலையில் ஸ்க்ரீனில் காட்டி, சீட்டில் அச்சடித்த ரூபாய் எங்கும் சேமிக்கப்படவில்லை. அது ஸ்க்ரீனில் பிறந்து ஸ்க்ரீனிலேயே செத்துப் போனது. அதனால்தான் பட்டுவாடா ஸ்க்ரீன் தன் பங்குக்கு மறுபடி கணக்குப் போட்டது. விலைப்பட்டியல் மாறினால் இன்னும் மோசம். போன மாதச் சீட்டை இன்றைக்கு மறுபடி அச்சடித்தால் இன்றைய விலையில் வரும். கடைசியில் செயலாளரும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, ஊற்றுகிறவர்கள் பத்திரமாக வைத்திருந்த காகிதச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினோம். அந்த அக்கா பத்து நாள் சீட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு அரிசி டப்பாவில் வைத்திருந்தார். ஆப்பில் இல்லாத டேட்டா அந்த டப்பாவில் இருந்தது.

மூன்றாவது ஒன்று. மாத அறிக்கை ஸ்க்ரீன் மொத்தத் தொகையை எங்கிருந்து எடுத்தது தெரியுமா? மேலே உள்ள வரிகளில் எழுதியிருக்கும் தொகைகளைப் படித்து, முன்னால் உள்ள "ரூ." என்ற எழுத்தை வெட்டி, மீதியை எண்ணாக்கிக் கூட்டியது. தமிழில் நன்றாக ஓடியது. இங்கே பாதிப் பேருக்கு மலையாளத்தில் வேண்டும் என்று மொழி மாற்றும் வசதி வைத்தார்கள். வெட்டுவதற்கு "ரூ." இல்லை. எண்ணாக மாறாதவை எல்லாம் `toDoubleOrNull() ?: 0.0` புண்ணியத்தில் சத்தமில்லாமல் பூஜ்யமாயின. மொத்தம் பூஜ்யம். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. எழுத்து மாறியதற்குக் கணக்கு உடைகிறது என்றால், ஸ்க்ரீனையே டேட்டாபேஸாக வைத்திருந்தோம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் சொன்னால் எனக்குக் கிடைத்த பதில்: "நாமதான் MVVM போட்டிருக்கோமே." ஸ்க்ரீனையும் அதன் பின்னால் உள்ள வேலையையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் முறை அது, ஸ்க்ரீனுக்குப் பின்னால் நிற்கும் பகுதிக்கு `ViewModel` என்று பெயர். அந்த `ViewModel`-ஐத் திறந்து பாருங்கள். உள்ளே நேரடியாக SQL இருக்கிறது, விலைக் கணக்கு இருக்கிறது, புளூடூத் பிரிண்டருக்கு அனுப்பும் வேலை இருக்கிறது, எந்த நிறத்தில் எழுத வேண்டும் என்பதும் இருக்கிறது. ஸ்க்ரீனில் கிடந்த குப்பையை அள்ளிப் பக்கத்து அறையில் கொட்டிவிட்டு வீட்டைப் பெருக்கிவிட்டோம் என்கிறார்கள். கூகுள் 2017-இல் ஆண்ட்ராய்டுக்கு இந்த `ViewModel`-ஐக் கொண்டுவந்ததற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. போனைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு வழக்கமாக ஸ்க்ரீனை அழித்து மறுபடி உருவாக்கும். அப்போது ஸ்க்ரீனின் நிலை தொலையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. நினைவகம் போதாமல் ஆப்பையே சிஸ்டம் மூடிவிட்டால் இதுவும் சேர்ந்து போய்விடும். பால் வாங்கும் நடுவில் போன் வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் பதிவு காணோம் என்று செயலாளர் சொன்னது அதனால்தான். நிலைக்க வேண்டியது உடனே டேட்டாபேஸுக்குப் போக வேண்டும்.

நான் கேட்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்க்ரீன் காட்டட்டும், விரல் பட்டதைச் சொல்லட்டும். விலை விதி ஒரே இடத்தில் இருக்கட்டும், அதற்கு ஆண்ட்ராய்டு என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. டேட்டாவை எங்கே வைப்பது, எப்போது சர்வருக்கு அனுப்புவது என்பதை ரெப்பாசிட்டரி என்ற ஒரே வாசல் பார்த்துக்கொள்ளட்டும். விடிகாலையில் எங்கள் ஊரில் சிக்னல் இருக்காது. எனவே முதலில் போனில் உள்ள டேட்டாபேஸில் எழுத வேண்டும், எல்லா ஸ்க்ரீனும் அங்கிருந்துதான் படிக்க வேண்டும், சிக்னல் வரும்போது சர்வருக்குப் போகட்டும். ஒரு நேரம் ஊற்றிய பாலின் பதிவு இப்படி இருந்திருந்தால் அந்த டப்பாவைத் திறக்க வேண்டிய தேவையே வந்திருக்காது:

```kotlin
data class Pouring(
    val fat: String,
    val clr: String,
    val ml: Long,
    val chartId: Int,
    val ratePaise: Long,
    val amountPaise: Long
)
```

ஊற்றிய நேரத்தில் எந்தப் பட்டியல், என்ன விலை, எவ்வளவு தொகை என்பது அந்தப் பதிவோடேயே உறைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் கணக்குப் போடக் கூடாது, படிக்க மட்டும்தான். காசு முழு எண்ணில் இருக்க வேண்டும், `Double` என்ற தசம வகையில் 0.1 கூடத் துல்லியமாக அடங்காது. ஃபேட்டும் சி.எல்.ஆரும் தட்டியது தட்டியபடி எழுத்தாக இருக்கட்டும், கணக்கிடும் இடத்தில் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் `BigDecimal` ஆகட்டும். முழுமையாக்குவதா வெட்டுவதா என்பதைச் சங்கத்திடம் எழுத்தில் வாங்கி, இப்படி ஒரு சோதனையாக வைத்துவிட வேண்டும்:

```kotlin
@Test fun fat4_clr28() {
    assertEquals("8.2", snfKey("4.0", "28"))
}
```

இதை ஓட்ட எமுலேட்டர் வேண்டாம், போன் வேண்டாம். கணக்கு ஸ்க்ரீனுக்குள் கிடந்தால் இதை இவ்வளவு சுலபமாக எழுத முடியாது. அதனால்தான் யாரும் எழுதவில்லை. விலை விதியை வெறும் கோட்லின் மாட்யூலாகப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. அங்கே யாராவது அவசரத்தில் `import android` என்று எழுதினால் பில்டே ஆகாது. ஒழுங்கை மீட்டிங்கில் கெஞ்சிக் கேட்பதைவிட கம்பைலரிடம் ஒப்படைப்பது மேல்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்று அளவுக்கு மீறிப் பிரிக்கிறவர்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதே அலுவலகத்தில், மூன்று ஸ்க்ரீன் உள்ள வருகைப்பதிவு ஆப்புக்கு இருபது மாட்யூல் போட்டார்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு யூஸ்கேஸ் கிளாஸ், அதற்குள் ஒரே வரி: ரெப்பாசிட்டரியைக் கூப்பிடு. ஒரு புலம் சேர்க்க ஏழு ஃபைல் திறக்க வேண்டும். அதைப் பார்த்து மிரண்டவர்கள்தான் "ஸ்க்ரீன்லயே எழுதிடலாம் சார்" என்று இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். கூகுளின் வழிகாட்டியே ஸ்க்ரீனுக்கும் டேட்டாவுக்கும் நடுவில் உள்ள லேயர் விருப்பத்துக்குரியது என்றுதான் சொல்கிறது. இரண்டாவது ஸ்க்ரீன் அதே விதியைக் கேட்கும் நாளில் விதியைத் தனியே எடுங்கள். எங்கள் ஆப்பில் அந்த நாள் பட்டுவாடா ஸ்க்ரீன் தொடங்கிய நாள். அன்றைக்கு அரை நாள் வேலை. இன்றைக்கு மூன்று வாரம் ஆகியும் மற்ற மூன்று ஸ்க்ரீனைத்தான் பிரித்திருக்கிறோம், மாத அறிக்கை ஸ்க்ரீனை இன்னும் பிரித்து முடிக்கவில்லை.

இந்தக் கோலத்தில் இன்று மதியம் ஒரு செய்தி வருகிறது. கோடைக்கு லிட்டருக்கு ஊக்கத்தொகை சேர்க்க வேண்டுமாம், ஒன்றாம் தேதிக்குள். "டைம் இல்ல, இப்போதைக்கு ஸ்க்ரீன்ல கூட்டிக் காட்டிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

மாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். ஊக்கத்தொகை விலை விதிக்குள் போகும், அதற்குச் சோதனை இருக்கும், தொகை பதிவில் தனிப் புலமாக நிற்கும், சீட்டும் பட்டுவாடாவும் அதே பதிவைப் படிக்கும். ஒன்றாம் தேதிக்குள் அது முடியும், ஏனென்றால் இப்போது மாற்ற வேண்டிய இடம் ஒன்றுதான். ஸ்க்ரீனில் கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்ளட்டும். அந்தப் பட்டுவாடாவன்று சங்க வாசலில் அந்த அக்காவுக்குப் பதில் சொல்லவும் அவரையே அனுப்பட்டும்.